கொப்பரைக்கு முன்னால் 37 சொற்கள்

அம்மிச்சிக்கு வலது கண்ணில் புரை எடுத்த வாரம் நான் கொடுமுடிப் பக்கம் தோட்டத்து வீட்டில்தான் இருந்தேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது என் வேலை. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் அவருக்குப் பொழுது போகாது. செய்தித்தாளை எடுக்கக் கூடாது, தொலைக்காட்சியை உற்றுப் பார்க்கக் கூடாது. "நீ என்னமோ எழுதுகிறாயாமே, அதையாவது படி கண்ணு, கேட்கிறேன்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். நான் அப்போது எழுதி முடித்திருந்தது அவருடைய தோட்டத்தைப் பற்றியே. தை மாதத்தில் மஞ்சள் வெட்டி வேக வைக்கிற கதை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. கைப்பேசியை எடுத்து முதல் வாக்கியத்தை வாசிக்கத் தொடங்கினேன். வெட்கத்தை விட்டு அதை அப்படியே இங்கே போடுகிறேன்:

"கொடுமுடிப் பக்கம் எங்கள் அம்மிச்சியின் தோட்டத்தில் தை மாதத்தில் வெட்டி எடுத்து மண் உதறிக் குவித்து வைக்கப்பட்டிருந்த, முந்தைய நாளே ஆள் வைத்துக் கிழங்கு வேறு விரலி வேறாகப் பிரிக்கப்பட்ட மஞ்சளை வேக வைப்பதற்காக, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இரவலாக வாங்கி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்டிருந்த, விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கிய கொப்பரை அடுப்பில் ஏற்றப்பட்டது."

"குவித்து" என்ற இடத்திலேயே மூச்சு தீர்ந்துவிட்டது. இழுத்துப் பிடித்து "வேக வைப்பதற்காக" வரை போய், அங்கே ஒரு மூச்சு வாங்கி, "இறக்கப்பட்டிருந்த" என்று சொல்லி நிறுத்தினேன். அம்மிச்சி கண்ணை மூடியபடியே கேட்டார்: "எதைக் கண்ணு இறக்கினார்கள்? மஞ்சளையா?"

அவர் தோட்டம், அவர் மஞ்சள், அவர் நாற்பது வருடம் பார்த்த வேலை. அவருக்கே புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும்?

அன்று இரவு அந்த வாக்கியத்தை எண்ணினேன். மொத்தம் 40 சொற்கள். வாக்கியத்தின் தலைவன் கொப்பரை. அது 38-ஆவது சொல்லாக வந்து நிற்கிறது. அதற்கு முன்னால் 37 சொற்களை, எதற்கென்று தெரியாமலே, கேட்பவர் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும்.

"வாக்கியத்தைச் சின்னதாக எழுது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். மறுநாள் காலைச் சொட்டு மருந்துக்குப் பிறகு வாசித்தது இது:

"தை மாதம் மஞ்சள் வெட்டினார்கள். மண்ணை உதறினார்கள். கிழங்கையும் விரலியையும் பிரித்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் கொப்பரை கேட்டார்கள். வண்டியில் ஏற்றினார்கள். கொண்டுவந்து இறக்கினார்கள். அடுப்பில் வைத்தார்கள்."

இப்போது எல்லாம் புரிந்தது. ஆனால் மூன்றாவது "ஆர்கள்" வரும்போதே அம்மிச்சியின் வாயோரம் சிரிப்பு. "வரவு செலவு வாசிக்கிற மாதிரி இருக்கிறது கண்ணு" என்றார்.

அந்த இரண்டு தோல்விகளுக்கும் நடுவில்தான் தமிழ் உரைநடையின் ஓசை இருக்கிறது என்று நினைக்கிறேன். நீளத்தை மட்டும் பார்த்தால் இரண்டையும் சரிசெய்ய முடியாது.

முதலில் அந்த 40 சொல் வாக்கியம். அதன் குற்றம் நீளம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இந்த இரண்டையும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

"அப்பச்சி வைத்த கல்லில் சாய்த்திருந்த மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணை உதறினேன்."

"மண்வெட்டியை எடுத்து, கல்லில் இரண்டு தட்டுத் தட்டி, மண்ணை உதறி, ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்."

முதலாவதில் 8 சொற்கள். இரண்டாவதில் 13. ஆனால் நாக்கு தட்டுவது முதலாவதில்தான். காரணம், அது பெயரெச்சத்தால் கட்டியது. "வைத்த", "சாய்த்திருந்த", "ஒட்டியிருந்த" என்று ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் வரப்போகிற ஒரு பெயரை எதிர்பார்த்து நிற்கிறது. பெயர் வந்ததும் அதுவே அடுத்த எச்சத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. கல், மண்வெட்டி, மண் என்று மூன்றையும் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில்தான் தெரிகிறது, நமக்கு வேண்டியது மண் மட்டும் என்று.

இரண்டாவது வினையெச்சத்தால் நடக்கிறது. எடுத்து, தட்டி, உதறி என்று வேலை நடந்த வரிசையிலேயே சொல் வருகிறது. ஒன்று முடிந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தொடலாம். கேட்பவர் எதையும் ஏந்தி நிற்க வேண்டியதில்லை. வினையெச்சத் தொடர் நீண்டாலும் களைப்பு வராது. ஊரில் கதை சொல்கிற எவரையும் கவனியுங்கள். போய், பார்த்து, கேட்டு, திரும்பி வந்து என்று அரை நிமிடம் ஒரே வாக்கியத்தில் ஓட்டுவார்கள், நமக்கு மூச்சு முட்டுவதில்லை.

என் பழைய வாக்கியத்தில் "வைக்கப்பட்டிருந்த" என்பதற்கும் அது தேடுகிற "மஞ்சளை" என்பதற்கும் நடுவே 9 சொற்கள் கிடக்கின்றன. அந்த 9 சொற்களுக்குள்ளேயே "பிரிக்கப்பட்ட" என்று இன்னொரு பெயரெச்சம் அதே மஞ்சளைத் தேடுகிறது. பிறகு "இறக்கப்பட்டிருந்த" வருகிறது. இதற்கு மஞ்சள் கிடையாது, கொப்பரை வேண்டும். அம்மிச்சியின் காதில் அதுவரை விழுந்ததில் இறக்கக் கூடிய பொருள் மஞ்சள் ஒன்றுதான். அவர் "மஞ்சளையா?" என்று கேட்டது தவறே இல்லை. இலக்கணப்படி வாக்கியம் சரி, அவருடைய சந்தேகமும் சரி.

ஆகவே நீளமான வாக்கியத்தைத் திருத்த உட்காரும்போது நான் இப்போது சொற்களை எண்ணுவதில்லை. ஒரு பெயர்ச்சொல்லின் மேல் எத்தனை பெயரெச்சம் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறேன். ஒன்று இருக்கலாம். இரண்டானால் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். மூன்றானால் ஒன்றைக் கழற்றித் தனி வாக்கியமாக்கிவிடுவேன். சொல் கணக்கு வேறு ஒரு வகையிலும் ஏமாற்றும். "மண்" ஒரு சொல், 2 எழுத்து. "தோட்டத்துக்காரரிடம்" என்பதும் ஒரு சொல்தான், 11 எழுத்து. நிதானமாக வாசித்தால் எனக்கு ஒரு மூச்சுக்குப் பத்துச் சொல் வரும். தோட்டத்துக்காரர் போல நான்கு பேர் வந்துவிட்டால் ஏழிலேயே நின்றுவிடும்.

இனி இரண்டாவது தோல்வி. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் சின்ன வாக்கியம் எழுதச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அந்த முற்றின் கடைசியில் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி வரும். ஒரே ஆட்களைப் பற்றி ஒரே காலத்தில் பேசினால் எல்லா வாக்கியமும் ஒரே விகுதியில்தான் முடியும். வாக்கியம் நீளமாக இருந்தபோது விகுதி 40 சொல்லுக்கு ஒரு முறை வந்தது, யாரும் கவனிக்கவில்லை. வெட்டியதும் "ஆர்கள்" மூன்று சொல்லுக்கு ஒரு முறை வந்து மண்டையில் தட்டுகிறது. வாக்கியத்தை எத்தனை துண்டாக வெட்டுகிறோமோ, அத்தனை முறை அந்த ஒரே ஓசை. நீளத்தை மாற்றி மாற்றிப் போட்டாலும், மூன்று சொல், பத்துச் சொல், ஐந்து சொல் என்று எப்படிக் கலந்தாலும், முடிவு ஒன்றே என்றால் காதுக்கு எல்லாம் ஒரே நீளமாகத்தான் கேட்கும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. எழுதி முடித்த பத்தியில் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் பிறகு வரியை உடைத்துவிடுவேன். ஒரு வாக்கியம் ஒரு வரி. அப்போது இரண்டு விஷயம் கண்ணுக்குத் தெரியும். வலது ஓரம் மேடும் பள்ளமுமாக இருக்கிறதா, வரப்பு மாதிரி நேராக இருக்கிறதா என்பது ஒன்று. இரண்டாவது, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல். அவற்றை மட்டும் மேலிருந்து கீழாக வாசிப்பேன். என் இரண்டாவது முயற்சியில் அது இப்படி இருந்தது: வெட்டினார்கள், உதறினார்கள், பிரித்தார்கள், கேட்டார்கள், ஏற்றினார்கள், இறக்கினார்கள், வைத்தார்கள். அம்மிச்சி சிரித்ததில் வியப்பே இல்லை.

மூன்றாம் நாள் எழுதியது இது:

"தை பிறந்தால் அம்மிச்சியின் தோட்டத்தில் மஞ்சள் வெட்டு. வெட்டிய மஞ்சளை மண் உதறி, வேரைக் கிள்ளி, கிழங்கு வேறு விரலி வேறாகப் பிரித்து, களத்தின் ஓரம் இரண்டு குவியலாகக் குவித்துவிடுவார்கள். அடுத்து வேக வைக்க வேண்டும். கொப்பரை எங்களிடம் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் இரவல் வாங்கி வண்டியில் கொண்டுவருவோம். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கிய கொப்பரை. அந்த நசுங்கலை ஆள் நிற்காத பக்கமாகத் திருப்பித்தான் அடுப்பில் ஏற்றுவார் அப்பச்சி. தண்ணீர் பொங்கினால் வழிவது அந்த வழியாகத்தான்."

இதில் எட்டு வாக்கியங்கள், முன்னதில் ஏழு. சொற்கள்: 6, 16, 4, 3, 6, 5, 9, 5. முடிவுச் சொற்கள்: வெட்டு, குவித்துவிடுவார்கள், வேண்டும், கிடையாது, கொண்டுவருவோம், கொப்பரை, அப்பச்சி, வழியாகத்தான். எட்டும் எட்டு விதம்.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதல் வாக்கியத்துக்கு வினைமுற்றே இல்லை. "வெட்டு" என்ற பெயரிலேயே முடிகிறது. தமிழில் இது இயல்பு. "அவர் ஊர் பெருந்துறை" என்கிறோம், அங்கே எந்த வினையும் இல்லை. ஆங்கிலத்தில் நடுவே ஒரு வினையைச் செருகியே ஆக வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இந்த வசதியை எழுதும்போது மட்டும் மறந்துவிட்டு, "அவருடைய ஊர் பெருந்துறை ஆகும்" என்று ஒரு "ஆகும்" வைத்து முடிக்கிறோம். அந்த ஆகும் இல்லாவிட்டால் வாக்கியம் சரிந்து விழுந்துவிடும் என்ற பயம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

இரண்டாவது வாக்கியம்தான் பத்தியிலேயே நீளம். உதறி, கிள்ளி, பிரித்து என்று மூன்று வினையெச்சத்தில் ஓடுகிறது. இங்கே காற்புள்ளி மட்டும் போதாது, ஒற்றையும் கவனிக்க வேண்டும். "கிள்ளிக் கிழங்கு" என்று எழுதினால் அந்த க் இரண்டு சொல்லையும் ஒட்ட வைத்துவிடும், வாய் நிற்காமல் தாண்டிப்போகும். "கிள்ளி, கிழங்கு" என்று காற்புள்ளி வைத்தால் ஒற்று போடக் கூடாது. நிறுத்திவிட்டோம், பிறகு எதை ஒட்டுவது? "பிரித்து, களத்தின்" என்பதும் அப்படியே. காற்புள்ளியும் போட்டு ஒற்றும் போட்டு எழுதியதைப் பார்த்திருக்கிறேன். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு மாட்டை அதட்டுவது போல. மூச்சு எங்கே வாங்க வேண்டும் என்று தமிழில் ஒற்றே சொல்லிவிடுகிறது. என் பழைய வாக்கியத்தில் "உதறிக் குவித்து" என்று ஒட்டியிருந்ததால்தான் அங்கே நிற்க இடம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு குட்டி வாக்கியங்கள். 16 சொல்லுக்குப் பிறகு வருவதால்தான் அவை குட்டியாகக் கேட்கின்றன. பத்தியின் தொடக்கத்திலேயே வைத்திருந்தால் மறுபடி வரவு செலவுதான். "விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கிய கொப்பரை" என்பதில் ஒரே ஒரு பெயரெச்சம், பெயர் உடனே வந்துவிடுகிறது. முதல் வரைவில் 38-ஆவது சொல்லாகக் காத்துக்கிடந்த அதே கொப்பரை. "ஏற்றுவார் அப்பச்சி" என்று வினையை முன்னால் போட்டது ஒரே ஒரு முறை. இந்த உத்தியை இரண்டாவது முறை செய்தால் கோவில் திருவிழா ஒலிபெருக்கி நினைவுக்கு வரும்: வருகிறார் தலைவர், பேசுகிறார் செயலாளர்.

ஒன்றை இழந்தேன். "முந்தைய நாளே ஆள் வைத்து" என்ற செய்திக்கு இதில் இடமில்லை. எங்கே வைத்தாலும் துருத்தியது. பிரிக்கிற வேலைக்கு ஆள் வைத்தது யாருக்கு வேண்டும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இன்னொன்று, காலம். பழைய வரைவில் "ஏற்றப்பட்டது" என்று ஒரு நாள் நடந்ததாக எழுதியிருந்தேன். இப்போது "ஏற்றுவார்", "கொண்டுவருவோம்" என்று வருடா வருடம் நடக்கிற வழக்கமாக மாறிவிட்டது. முடிவுச் சொற்கள் பல விதமாக அமைய அதுவும் உதவியது. ஆனால் இது ஓசைக்காக மட்டும் செய்யக் கூடிய மாற்றம் இல்லை. உண்மையிலேயே வருடா வருடம் நடந்ததால் செய்தேன். ஒரே ஒரு முறை நடந்ததை "செய்வார்" என்று எழுதினால் காதுக்கு இனிமையான பொய்.

பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற சீனாபுரம்தான் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பள்ளியில் அந்த நூலைப் புணர்ச்சி விதிகளுக்காக மட்டும் படித்து வெறுத்தேன். அதில் நூலுக்குரிய பத்து அழகுகளில் ஒன்றாக "ஓசையுடைமை" இருப்பதும், பத்துக் குற்றங்களில் ஒன்றாக "சென்று தேய்ந்து இறுதல்" இருப்பதும் வெகு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அந்தக் குற்றம் முழு நூலுக்குச் சொன்னது. நான் அதை ஒற்றை வாக்கியத்துக்கும் எடுத்துக்கொள்கிறேன். தமிழ் வாக்கியத்தின் கனம் கடைசிச் சொல்லில் இருக்கிறது. அங்கே போய் "என்று சொல்லலாம்", "என்பது குறிப்பிடத்தக்கது" என்று முடித்தால் கட்டிக்கொண்டு வந்ததெல்லாம் தேய்ந்து போகிறது. குறிப்பிட்டாயிற்றே, பிறகு என்ன குறிப்பிடத்தக்கது?

திரையைப் பற்றியும் கொஞ்சம். என் கைப்பேசியில் ஒரு வரிக்கு நாலைந்து சொற்கள்தான் பிடிக்கும். அந்த 40 சொல் வாக்கியம் ஒன்பது வரிக்கு ஒரு முற்றுப்புள்ளி இல்லாமல் கிடந்தது. கண் எங்கேயும் உட்கார முடியாது. அதற்குப் பயந்து இப்போது சிலர் வாக்கியத்துக்கு ஒரு பத்தி என்று எழுதுகிறார்கள். நடுவே வெள்ளை இடம் விட்ட வரவு செலவு அது. இரண்டு ஓரமும் நேராக இருக்கும்படி பத்தியை அடைக்கிற வழக்கத்தையும் கைப்பேசிக்கு விட்டுவிடலாம். நீளமான தமிழ்ச் சொல்லை உடைக்காமல் அப்படியே அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் மூன்று சொற்களை வரி முழுக்கப் பரப்பி வைக்கும். வாய்விட்டு வாசிப்பவர் அந்த இடைவெளியைப் பார்த்து நிறுத்தம் என்று நினைத்துத் தடுக்கி விழுவார். நானே விழுந்திருக்கிறேன்.

மூன்றாவது வரைவை வாசித்தபோது அம்மிச்சி குறுக்கே எதுவும் கேட்கவில்லை. "வழியாகத்தான்" என்று முடித்ததும், "அப்புறம்?" என்றார். எனக்கு அது போதும்.

அப்புறம் வருவது வேறு மாதிரியான பத்தி. ஒரு வருடம் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது நடந்தது. அதை நான் வேண்டுமென்றே வெட்டி வெட்டி எழுதியிருந்தேன்:

"அடுப்பில் ஒரு கல் நழுவியது. கொப்பரை சாய்ந்தது. கொதிநீர் களத்தில் பாய்ந்தது. அப்பச்சி ஒன்றும் பேசவில்லை."

முதல் மூன்று வாக்கியமும் "அது" என்றே முடிகின்றன. ஏழு "ஆர்கள்" போல இது உறுத்தவில்லை. அங்கே ஆட்கள் நிதானமாக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்த வேலை. அதை வெட்டினால் செயற்கை. இங்கே யாரும் எதையும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்துவிட்டது, ஒவ்வொன்றும் ஓர் அடி. "கல் நழுவி, கொப்பரை சாய்ந்து, கொதிநீர் பாய்ந்தது" என்று வினையெச்சத்தில் ஓட்டினால் ஏதோ திட்டமிட்டுச் செய்த வேலை போல வழவழப்பாக இருக்கும். மூன்று அடிக்குப் பிறகு நான்காவது வாக்கியம் எதிர்மறையில் முடிகிறது, சத்தமும் நின்றுவிடுகிறது. இந்த நான்கு வாக்கியங்கள்தான் அந்தக் கட்டுரையிலேயே எனக்குப் பிடித்தவை.

வாசித்தேன். அம்மிச்சி சற்று நேரம் சும்மா இருந்தார்.

"பேசினார் கண்ணு" என்றார் பிறகு. "பேசாமல் இருப்பாரா உங்கள் அப்பச்சி? கல்லை யார் வைத்தது என்று களமே அதிரக் கேட்டார். உன் மாமன் சோளக்காட்டுக்குள் ஓடியவன் விளக்கு வைத்த பிறகுதான் வந்தான்."

என் நான்காவது வாக்கியம் போயிற்று. நான் எழுதுகோலைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அந்த நசுங்கல் இருக்கிறதே, அது அன்றைக்கு விழுந்ததுதான். இரவல் வாங்கியதை நசுக்கித் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வருடமும் கேட்டோம். அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தார்."

சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது. மருந்து விட்டு, கண்ணுக்குப் பஞ்சு வைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்தேன். "அப்பச்சி ஒன்றும் பேசவில்லை" என்பதை அடித்துவிட்டு "கொப்பரைக்காரர் ஒன்றும் பேசவில்லை" என்று எழுதினேன்.